பழைய டேப்பின் இன்ச்

தையல்கடையில் தொழில் பழகும் ஒரு பையன். கடையில் இருக்கும் பழைய இன்ச் டேப் இழுபட்டுப் போயிருக்கிறது. அதனால் இத்தனை நாளாக எல்லா வாடிக்கையாளர்களின் அளவும் நீண்டுபோய்விட்டது என்று அவன் கண்டுபிடிக்கிறான். சிறுகதைக்கு இதைவிடக் கச்சிதமான கரு கிடைப்பது கடினம். தக்கலையில் நடப்பதாக இதை எழுத வேண்டும் என்பது என் ஆசை. எழுதுவதற்கு முன்னால் கருவைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் கிடைத்தவையே இந்தப் பக்கங்கள். ஏனென்றால், மேலே சொன்னபடியே எழுதினால், மெஷினில் உட்கார்ந்து பழகிய ஒரு வாசகர் இரண்டாவது பத்தியிலேயே இதழை மூடி வைத்துவிடுவார். அந்த வாசகரை இழக்க எனக்கு மனமில்லை.

முதல் சிக்கல் திசையில் இருக்கிறது. டேப் இழுபட்டால் அதன் ஒவ்வொரு இன்ச்சும் உண்மையான இன்ச்சைவிடக் கொஞ்சம் பெரிதாகிறது. பெரிய இன்ச்சால் அளந்தால் எண்ணிக்கை குறையும். கதைக்கு ஒரு டேப்பை வைத்துக்கொள்வோம். அதில் 40 என்று அச்சிட்டிருக்கும் இடம் உண்மையில் 41 இன்ச்சில் இருக்கிறது. மார்புச் சுற்றளவு 41 இன்ச் உள்ள ஒருவரை இந்த டேப்பால் சுற்றினால் அது 40 என்றுதான் காட்டும். நீண்ட டேப் ஆளை ஒல்லியாக்குகிறது. கதையின் கரு சொல்வதற்கு நேர் எதிர்.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. மாஸ்டர் 40 என்று நோட்டில் எழுதிக்கொள்கிறார். பிறகு அதே டேப்பைத் துணியின் மேல் போட்டு, 40 வரும்படி சாக்கால் கோடு இழுக்கிறார். துணியில் விழுவது உண்மையான 41 இன்ச். உடம்பும் 41. சட்டை கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது! அளக்கும்போது தின்றதை வெட்டும்போது டேப் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. நாலாக மடித்து வெட்டும்போது 40-ஐ நாலால் வகுத்து 10 என்று வைப்பார்கள். அந்தப் பத்தும் உண்மையில் பத்தேகால். நாலு பத்தேகால் 41. வகுத்தாலும் பெருக்கினாலும் கணக்கு கெடுவதில்லை. ஒரே ஆள், ஒரே டேப், உடம்பை அளப்பதும் துணியை வெட்டுவதும் அதனால்தான் என்றால், அந்த டேப் எவ்வளவு இழுபட்டிருந்தாலும் கடைக்கு வருகிறவர்கள் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. டேப்பில் இன்ச்சுக்குப் பதில் வேறு ஏதாவது கீறல்கள் இருந்தாலும் சட்டை சரியாகத்தான் வரும்.

தக்கலைக்காரர்களுக்கு இதை விளக்க ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. அதைக் கட்டிய தச்சர்கள் மீட்டரையும் அறியவில்லை, அடியையும் நம்பவில்லை. அவர்களிடம் இருந்தது கோல். ஒரு கோலுக்கு இருபத்துநாலு அங்குலம். ஒரு தச்சரின் கோலும் இன்னொரு ஊர்த் தச்சரின் கோலும் மயிரிழை பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒரு கட்டிடத்துக்குள் எல்லாரும் ஒரே கோலால் அளந்தால் போதும். தூணும் உத்தரமும் ஒன்றில் ஒன்று பொருந்திவிடும். இரண்டு கோல்கள் ஒரே வேலைக்குள் நுழையும்போதுதான் உத்தரம் தூணுக்கு எட்டாமல் போகிறது.

ஆகவே என் கதைக்கு வேண்டியது ஒரு கெட்டுப்போன டேப் மட்டுமல்ல. அதன் பக்கத்தில் ஒரு நல்ல டேப்பும் வேண்டும். கெடுதல் தொடங்குவது நல்ல டேப் கடைக்குள் வரும் நாளில்தான். இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் கதை எனக்குள் அசையத் தொடங்கியது.

தக்கலை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கடை. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஒரு இஸ்திரிப் பெட்டி. மாஸ்டர் பல வருஷமாக ஒரே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உழைத்தவர். பையன் காஜா எடுக்க வந்தவன். பட்டன் தைத்து, ஹெம்மிங் பழகி, மெஷின் மிதிக்கக் கற்று, இப்போதுதான் வெட்டு மேஜைக்கு வந்திருக்கிறான். பள்ளி திறக்கும் ஜூன் மாதம் நெருங்குகிறது. யூனிஃபார்ம் துணி மூட்டையாகக் குவிகிறது. மாஸ்டரால் தனியாக வெட்டி முடிக்க முடியாது. அந்த நேரத்தில் நூல்கண்டு போட வருகிற ஏஜென்ட் ஒரு புது டேப்பைத் தந்துவிட்டுப் போகிறார். மாஸ்டர் புதியதைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, பழையதைப் பையனிடம் கொடுக்கிறார். தொழிலில் அது ஒரு பட்டம் சூட்டுவது மாதிரி. பையன் அன்று இரவு அந்த டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்று எழுதலாம்.

மறுநாளிலிருந்து மாஸ்டர் முன்னால் நின்று புது டேப்பால் ஆளை அளக்கிறார். பையன் உள்ளே நின்று பழைய டேப்பால் வெட்டுகிறான். 40 என்று நோட்டில் இருப்பது இப்போது உண்மையான 40. பையனின் சாக்குக்கோட்டில் அது 41 ஆகிறது. திசை திரும்பிவிட்டது: எல்லாருடைய அளவும் நீள்கிறது. கரு சொன்னது இப்போதுதான் உண்மையாகிறது. தவறு டேப்பில் பல வருஷமாக இருந்தது. சட்டையில் நேற்றுத்தான் வந்தது.

இங்கே டேப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் நல்ல டேப்புகளுக்குள் கண்ணாடி இழை நூல் நீளவாக்கில் ஓடுகிறது. அவை எளிதில் நீள்வதில்லை. நம் மாஸ்டருடையது துணி நாடாவின் மேல் பூச்சு போட்ட பழைய வகை. பூச்சு வெடித்துவிட்டால் உள்ளே இருப்பது வெறும் நெசவு. இழுத்தால் நெசவு கொடுக்கும். கழுத்து வியர்வை, இஸ்திரிச் சூடு, தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவ மழையும் பெய்கிற குமரி மாவட்டத்தின் ஈரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒவ்வொரு முறை அளக்கும்போதும் கட்டைவிரலால் இழுத்துப் பிடிக்கிற மாஸ்டரின் கை. அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நீள்வதும் இல்லை. மார்பு, இடுப்பு, பேன்ட் நீளம் என்று அன்றாடம் வேலை செய்வது முதல் நாற்பது நாற்பத்தைந்து இன்ச்தான். கடைசிப் பதினைந்து இன்ச் பெரும்பாலும் காற்றில் தொங்கிக்கொண்டே இருந்திருக்கும். அச்சுகூட அங்கே புதிதாகத் தெரியும்.

இதில் எதையும் டேப்பைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பக்கம் இன்ச், மறுபக்கம் சென்டிமீட்டர். ஒன்றை வைத்து மற்றதைச் சோதிக்கலாம் என்று தோன்றும். இரண்டு முகமும் ஒரே நாடாவில் இருப்பதால் இரண்டும் சேர்ந்தே நீள்கின்றன. 10 இன்ச்சுக்கு எதிரே எப்போதும்போல 25.4 சென்டிமீட்டர்தான் இருக்கும். அந்த டேப்புக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்வரை அது குற்றமற்றது.

சட்டையில்தான் குற்றம் தெரியும். அங்கேயும் உடனே தெரியாது என்பது கதைக்குக் கிடைத்த வரம். தையலில் உடம்பளவோடு லூஸ் சேர்ப்பார்கள். 40 மார்புக்குச் சட்டை 44 வரை வரும். அந்த நாலு இன்ச் லூஸுக்குள் ஒரு இன்ச் பிழை ஒளிந்துகொள்ளும். மூச்சை இழுத்து விட்டாலே மார்பு ஒரு இன்ச் கூடிக் குறைகிறது. இறுக்கமாக இருந்தால் அன்று மாலையே சட்டையைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று போட்டுக்கொள்வார்கள். யூனிஃபார்மில் கேட்கவே வேண்டாம். வளருகிற பிள்ளை, பெரிதாக இருந்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று அம்மாமார்களே சொல்லித்தான் கொடுக்கிறார்கள். ஜூன் மாதம் முழுக்கப் பையனின் பிழையை ஊரே கையேந்தி வாங்கிக்கொள்கிறது.

லூஸ் சேர்க்காத இடங்கள்தான் முதலில் வாயைத் திறக்கும். பேன்ட் நீளத்துக்கு யாரும் லூஸ் வைப்பதில்லை. 40 நீளம் 41 ஆனால் விளிம்பு குதிகாலுக்கு அடியில் போய் மிதிபடும். மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் சேறு படிந்து நைந்துவிடும். அடுத்தது சட்டைக் கை. 24 இன்ச் கை ஐந்து நூல் நீண்டு மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கை மேல் விழும். பிறகு காலர். 15 இன்ச் காலர் மூன்று நூல் கூடிப்போகும். அதை மேல்பட்டன் போடுகிறவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள்: ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிற வக்கீல், கல்யாண மாப்பிள்ளை. மூன்று நூல் என்பது ஒரு காலர் அளவுக்கும் அடுத்த காலர் அளவுக்கும் இடையே உள்ள தூரத்தில் முக்கால் பங்கு. ஆக, வெவ்வேறு வேலை பார்க்கிற, ஒருவரை ஒருவர் அறியாத ஆட்கள், வெவ்வேறு இடத்தில் வெவ்வேறு குறை சொல்கிறார்கள். குதிகால், மணிக்கட்டு, கழுத்து. கேட்கிற மாஸ்டருக்கு அவை ஒரே குறையாகத் தெரியவில்லை. மூன்று குறையாகத் தெரிகிறது. மூன்றுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: பையன் வெட்டத் தொடங்கியதற்குப் பிறகு வந்தவை.

"லேய், கண்ணு எங்கலே இருக்கு ஒனக்கு? நாப்பதுன்னா நாப்பதுல கோடு போட மாட்டியா?"

"நாப்பதுலதான் மாஸ்டர் போட்டேன்."

அவன் சொல்வது உண்மை. டேப்பைப் போட்டுக் காட்டுகிறான். கோடு 40-இல்தான் இருக்கிறது. மாஸ்டர் தன் கழுத்து டேப்பை எடுத்து அந்த இடத்தில் போட்டுப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவர் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை நான் விளக்கப்போவதில்லை. தன் கையிலேயே வளர்ந்த ஒரு பொருளைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது. பையனின் கையைச் சந்தேகிப்பது எளிது. அது புதிய கை.

கதையின் நடுப்பகுதி முழுவதையும் இந்தச் சந்தேகத்துக்கே கொடுக்க விரும்புகிறேன். பையன் தன்னையே நம்பாமல் போகும் நாட்கள். சாக்கைக் கூராக்குகிறான். கோட்டின் உள்பக்கமாக வெட்டிப் பார்க்கிறான். தையல் பட்டியை ஒரு நூல் கூட்டிப் பிடித்து ஓட்டுகிறான். இவை எல்லாம் சில இடத்தில் பிழையைக் குறைக்கின்றன, சில இடத்தில் இல்லாத பிழையைக் கொண்டுவருகின்றன. ஏனென்றால் நீண்ட டேப்பின் பிழை பெரிய அளவில் பெரிதாகவும் சின்ன அளவில் சின்னதாகவும் வருவது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒரு நூல் கழித்தால், பேன்ட் நீளம் இன்னமும் மிதிபடும், கைப்பட்டியின் அகலம் குறைந்துபோகும். பையன் எவ்வளவு திருத்துகிறானோ அவ்வளவு குழம்புகிறது வேலை. இதற்கிடையில் துணி பற்றாமல் போகத் தொடங்குகிறது. துணிக்கடையில் சொன்ன மீட்டருக்கு வாங்கி வந்த துணியில் எப்போதும் பாக்கெட்டுக்கும் காலர் உள்பட்டிக்கும் மிச்சம் வரும். இப்போது வருவதில்லை. சாயங்காலம் மேஜைக்கு அடியில் கூட்டும்போது வெட்டுத்துணி குறைந்திருப்பதைப் பார்க்கிறான். கூட்டுகிறவன் அவன்தான் என்பதால் அது அவன் கண்ணில்தான் படும்.

அதுதான் அவனைச் சரியான இடத்துக்கு அனுப்புகிறது. துணிக்கடைக்காரர் குறைத்து வெட்டிக் கொடுக்கிறாரோ என்று சந்தேகப்பட்டு, லைனிங் வாங்கப் போகிற சாக்கில், கடையில் இருக்கும் மீட்டர் கம்பியின் மேல் தன் டேப்பை நீட்டிப் பார்க்கிறான். ஒரு மீட்டர் என்றால் 39 இன்ச் மூன்று நூல்; அதை எல்லா டெய்லர்களும் மனப்பாடமாக அறிவார்கள். அவன் டேப்பில் கம்பி முடியும் இடம் 38 இன்ச் மூன்று நூல். முழுசாக ஒரு இன்ச் குறைகிறது. கம்பிதான் குட்டை என்று பையன் நினைக்கிறான். அப்படித்தான் நினைக்க முடியும். கையில் இருப்பது மாஸ்டர் கொடுத்த டேப்.

ஆனால் அந்தக் கம்பியில் முத்திரை இருக்கிறது. துணி விற்கிற கடையின் அளவுகோலைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் குறித்த காலத்துக்கு ஒரு முறை சரிபார்த்து முத்திரை இட வேண்டும் என்பது சட்டம். 1956-இல் எடை அளவுத் தரச் சட்டம் வந்து, 1958 முதல் படிப்படியாக மெட்ரிக் முறை நடைமுறைக்கு வந்ததிலிருந்து தொடரும் ஏற்பாடு இது. இப்போது 2009-இன் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. மாஸ்டரின் கழுத்தில் தொங்குகிற டேப்புக்கு யாரும் முத்திரை குத்தி நான் பார்த்ததில்லை. அவர் நீளத்தை விற்கவில்லை, சட்டையை விற்கிறார். பொருந்தினால் காசு, பொருந்தாவிட்டால் ஆல்டரேஷன். சட்டை சரியாக இருக்கிறதா என்பதை உடம்பே முத்திரை குத்திச் சொல்லிவிடுகிறது என்பதால் அந்தத் தொழிலுக்கு வேறு ஆய்வாளர் தேவைப்பட்டதில்லை.

வேலை செய்கிற அளவுகோல் தேயும், ஆகவே வேலை செய்யாத ஒன்று வேண்டும் என்பதை நம் மண்ணில் மிகத் துல்லியமாகக் கடைப்பிடித்தவர்கள் நில அளவைக்காரர்கள். 1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து தென்னிந்தியப் பெரும் அளவைப் பணியைத் தொடங்கினார். அவர் கையில் இருந்தது நூறு அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளமுள்ள நாற்பது கண்ணிகள். எஃகு நீளாது என்று தோன்றும். கண்ணிகள் சேரும் மூட்டுகள் உரசி உரசித் தேயும். ஒவ்வொரு மூட்டிலும் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்ந்தாலும், அத்தனையும் சேர்ந்து சங்கிலியை நீட்டிவிடும். அதனால் அளக்கிற சங்கிலியை, அளப்பதற்கே பயன்படுத்தாமல் பத்திரமாக வைத்திருந்த இன்னொரு சங்கிலியோடு ஒப்பிட்டு, தேய்மானத்தைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். சோழர் காலத்திலிருந்து கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தை வெட்டி வைத்ததும் இந்த யோசனையில்தான். கல்லில் இருக்கும் கோலை யாரும் வயலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. தூக்கிக்கொண்டு போக முடியாததால்தான் அது தேயாமல் இருக்கிறது.

பையனுக்கு லாம்டனைத் தெரிய வேண்டாம். அவன் செய்வது அதேதான். கடைக்குத் திரும்பி, மாஸ்டர் சாப்பிடப் போன நேரத்தில், புது டேப்பையும் பழைய டேப்பையும் மேஜை மேல் பக்கம் பக்கமாகப் போடுகிறான். ஒரே இடத்தில் மட்டும் பார்த்தால் போதாது என்பது அவனுக்குத் தெரியும் என்று நான் வைத்துக்கொள்கிறேன். நல்ல வேலைக்காரர்களுக்கு இது சொல்லித் தராமலே வரும். பழைய டேப்பின் 10-க்கு எதிரே புதியதில் பத்தேகால். 20-க்கு எதிரே இருபதரை. 40-க்கு எதிரே 41. போகப் போகக் கூடுகிறது. ஆகவே நாடா நீண்டிருக்கிறது.

எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் வந்திருந்தால் நோய் வேறு. டேப்பின் நுனியில் இருக்கும் பித்தளைத் தகடு கழன்று, பிசிறு கத்தரிக்கப்பட்டு, முதல் அரை இன்ச் காணாமல் போயிருக்கும். அந்த நோயும் கடைகளில் சகஜம், ஆனால் அது என் கதைக்கு ஆகாது. ஏனென்றால் அது ஒரே டேப்பால் வேலை செய்தாலும் கெடுக்கும். 36 மார்பு 36½ என்று காட்டும். நாலால் வகுத்தால் ஒன்பதும் ஒரு நூலும். அதே நுனியிலிருந்து துணியில் வைத்தால் அரை இன்ச் போய் எட்டும் ஐந்து நூலும் விழும். நாலு மடங்கு 34½. ஒன்றரை இன்ச் குறைகிறது. சட்டை போட்ட உடனே இறுக்கம் தெரியும். அத்தகைய டேப்பை எந்த மாஸ்டரும் ஒரு வாரம்கூடக் கழுத்தில் வைத்திருக்க மாட்டார். நீண்ட நாடா அப்படி இல்லை. அது வகுத்தலையும் தாங்கும், பெருக்கலையும் தாங்கும். பல வருஷம் ஒரு நல்ல தொழிலாளியின் கூடவே இருந்து, ஒரு சட்டையையும் கெடுக்காமல், தன் குறையை மறைத்துக்கொள்ளக்கூடிய ஒரே டேப் அதுதான்.

கண்டுபிடித்துவிட்டான். பொதுவாகக் கதைகள் இங்கே முடியும். பையன் நிமிர்ந்து நிற்பான், மாஸ்டர் தலைகுனிவார், பழைய டேப் குப்பைக்குப் போகும். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை, அது அநியாயம் என்பதால். மாஸ்டர் தலைகுனிய ஒன்றுமே இல்லை. அவர் தனியாக வேலை செய்த காலமெல்லாம் அவர் தைத்த சட்டைகள் சரியாக இருந்தன. இன்றைக்கு வந்த பிழைக்கு அவர் டேப் பாதிக் காரணம். நன்றாக இருக்கும் புது டேப் மறுபாதி. தவிர, பழைய டேப்பைக் குப்பையில் போட்டால் கடை அடுத்த நாளே பெரிய சிக்கலில் மாட்டும். நோட்டு இருக்கிறதே.

தையல்கடையின் சொத்து அந்த நோட்டுதான். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பெயர், மூலையில் குத்திய ஒரு துண்டுத் துணி, அதன் கீழே தலைப்பு இல்லாமல் ஒரு வரிசை எண்கள்: நீளம், ஷோல்டர், கை, செஸ்ட், இடுப்பு, சீட், காலர். பழைய ஆட்கள் வந்து நிற்கவே மாட்டார்கள். "அளவு ஒம்ம கிட்ட இருக்குல்லா, அதுல தச்சிரும்" என்று துணியைப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த எண்கள் எல்லாம் பழைய டேப்பின் இன்ச்சில் எழுதப்பட்டவை. அவற்றைப் புது டேப்பால் வெட்டினால் 40 மார்புக்காரருக்கு உண்மையான 41-க்குப் பதில் 40 கிடைக்கும். இத்தனை வருஷம் சரியாகத் தைத்த கடையில் ஒரே நாளில் எல்லாருடைய சட்டையும் இறுகும். அந்தப் பக்கங்களுக்குப் பழைய டேப்தான் சரியான டேப். புது டேப் வந்த பிறகு எழுதிய பக்கங்களுக்குப் புது டேப். பையன் மாஸ்டரிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: டேப் தப்பு என்றில்லை, நோட்டில் ஒரு கோடு போட வேண்டும் என்று.

எப்படிச் சொல்கிறான் என்பதை எழுதுவதுதான் இந்தக் கதையில் கஷ்டமான இடம். நான் இப்படி நினைத்து வைத்திருக்கிறேன். அவன் பேசவே இல்லை. மாஸ்டர் திரும்பி வரும்போது இரண்டு டேப்பும் மேஜை மேல் அப்படியே கிடக்கின்றன, இரண்டின் நுனியையும் ஒரே கல்லால் அழுத்தி வைத்திருக்கிறான். மாஸ்டர் பார்க்கிறார். குனிந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு 40-க்கு எதிரே பார்க்கிறார். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறார்:

"அந்த நோட்ட எடு மக்கா."

அவர் பையனைவிட விரைவாகப் புரிந்துகொள்கிறார். வெட்டு மேஜையில் வாழ்ந்தவர் அவர். அதோடு பையனுக்குத் தெரியாத ஒன்றும் அவருக்குத் தெரியும். டேப் ஒரே நாளில் நீண்டுவிடவில்லை. நோட்டின் முதல் பக்கங்களை எழுதியபோது அந்த டேப் புதிது. அப்போது எழுதிய 40 உண்மையான நாற்பதுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். நடுப்பக்கங்களில் 40 என்றால் நாற்பதரை. கடைசியில் 41. ஆகவே ஒரு கோடு போட்டால் போதாது. நோட்டின் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டு வந்திருக்கிற இன்ச்சில் எழுதப்பட்டிருக்கிறது. பழைய அளவிலேயே தைக்கச் சொன்னவர்களுக்கு வருஷா வருஷம் சட்டை ஒரு மயிரிழை பெரிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. அவர்களும் அதற்குள் கொஞ்சம் தடித்திருப்பார்கள் என்பதால் யாருக்கும் தெரியவில்லை. இதை நோட்டுக்குள் உட்கார்ந்து சரிசெய்ய வழியே இல்லை. ஆளைத் திரும்ப வரச்சொல்லி அளப்பதுதான் ஒரே வழி. ஊரில் இருக்கிறவர்களை வரச்சொல்லலாம். தக்கலை சுற்றுவட்டாரத்தில் பல வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள்.

கதையின் கடைசிக் காட்சிக்கு அப்படி ஒரு வீட்டு அம்மாவை வைத்திருக்கிறேன். மகன் விடுமுறைக்கு வருவதற்குள் இரண்டு சட்டை தைத்து வைக்க வேண்டும், துணியோடு வந்திருக்கிறார். நோட்டில் அவன் பக்கம் இருக்கிறது: செஸ்ட் 40. எந்த டேப்பின் நாற்பது? மாஸ்டர் பையனைப் பார்க்கிறார். பையன் கேட்கிறான், "அம்மா, இங்க தச்ச பழைய சட்டை ஒண்ணு வீட்டுல கெடக்குமா?"

ஊர்ப் பெண்கள் ஜாக்கெட்டுக்குக் காலங்காலமாகச் செய்வது இது. அளவு எடுக்க நிற்காமல், நன்றாகப் பொருந்துகிற ஒரு ஜாக்கெட்டை அளவுக்கென்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அதில் எண்ணே கிடையாது. அதனால் எந்த டேப்பின் குறையும் அதைத் தொடாது. ஆண்களின் சட்டைக்கு அந்தப் பழக்கம் குறைவு. அந்த அம்மா மறுநாள் ஒரு சட்டையைக் கொண்டுவருகிறார். பையன் பட்டனைப் போட்டு, மேஜை மேல் சுருக்கமில்லாமல் விரித்து, கைக்குழிக்குக் கீழே இந்தத் தையலிலிருந்து அந்தத் தையலுக்குப் புது டேப்பை வைக்கிறான். இருபத்திரண்டரை. இரட்டித்தால் 45. லூஸ் நாலு போனால் 41. பருத்தி என்றால் துவைத்துச் சுருங்கியிருக்கும், இன்னும் இரண்டு நூல் விடலாமா என்று மாஸ்டரிடம் கேட்கிறான். மாஸ்டர் துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, பாலியஸ்டர் கலந்தது, சுருங்கியிருக்காது என்கிறார். பையன் நோட்டில் 40-ஐ அடிக்காமல் அதன் பக்கத்திலேயே 41 என்று எழுதி, தேதியும் போடுகிறான்.

அந்த அம்மா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிறார். எழுதியதைப் படித்துவிட்டு, "அங்க போயி ஒரு இஞ்சு தடிச்சிட்டானா பிள்ளை?" என்று கேட்கிறார். குரலில் சந்தோஷம். மகன் அங்கே நன்றாகச் சாப்பிடுகிறான் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார்.

பையன் என்ன பதில் சொல்வான் என்பதை இன்னும் எழுதவில்லை. உண்மையைச் சொல்ல டேப்பின் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு அதில் தெரிய வருவது, மகன் போன அன்று எப்படி இருந்தானோ அதே அளவில்தான் இருக்கிறான் என்பதுகூட அல்ல. கொண்டுவந்த சட்டை அவன் போவதற்கு முன் தைத்தது. அது சொல்வது அன்றைய உடம்பை. இப்போது அவன் எத்தனை இன்ச் என்பது இரண்டு டேப்பிலும் இல்லை, நோட்டிலும் இல்லை.